வால்யூம் ஏற்றினால் ப்ளூடூத் ஸ்பீக்கர் ஏன் கரகரக்கிறது? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

பாதி வால்யூமில் தெளிவாகப் பாடுகிற சின்ன ஸ்பீக்கர், முக்கால் வால்யூமைத் தாண்டியதும் குரலில் பிசிறு தட்டும். டிரம் அடி விழுகிற இடத்தில் எல்லாம் பேப்பர் கிழிகிற மாதிரி ஒரு சத்தம் சேர்ந்து வரும். உடனே ‘ஸ்பீக்கர் போயிடுச்சு’ என்று முடிவுகட்டிவிடுகிறோம். பெரும்பாலும் ஸ்பீக்கர் போயிருக்காது. பாட்டு ஃபோனில் கிளம்பி நம் காதுக்கு வருகிற வழியில் ஏதோ ஓர் இடத்தில் அதன் அலை வெட்டுப்பட்டிருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. கண்டுபிடிக்கப் பணமோ கருவியோ தேவையில்லை. கொஞ்சம் பொறுமையும், வரிசையாகச் சோதிக்கிற பழக்கமும் போதும்.

முதலில் அந்த வழியை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டு எண்களின் வரிசையாக ஒரு ஃபைலில் இருக்கிறது. பிளேயர் ஆப் அதைத் திறக்கிறது. ஃபோனில் ஈக்வலைசரோ பேஸ் பூஸ்ட்டோ போட்டிருந்தால், அது எண்களை மாற்றுகிறது. பிறகு ப்ளூடூத் வழியாக ஸ்பீக்கருக்குப் போகிறது. அங்கே உள்ளே இருக்கும் சிப் தன் பங்குக்கு பேஸைக் கூட்டிக் குறைக்கிறது. அப்புறம் ஆம்ப் அதை மின்சாரமாகப் பெருக்க, கடைசியாகக் கோன் முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. இதில் எந்தக் கட்டத்திலும் அலை வெட்டுப்படலாம். முன்னால் வெட்டுப்பட்டதைப் பின்னால் இருப்பவை ஒட்டவைக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் கீழே வரும் எல்லாச் சோதனையும் நடக்கிறது.

கிளிப்பிங் என்றால் என்ன நடக்கிறது

ஒலி என்பது ஏறி இறங்குகிற அலை. வால்யூம் கூட்டுவது என்றால் அந்த அலையின் உயரத்தைக் கூட்டுவது. ஆனால் எந்த ஆம்புக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குக் கிடைக்கிற மின்னழுத்தம் 5 வோல்ட் என்றால், அதைத் தாண்டிய உயரத்தை அதால் தர முடியாது. 7 வோல்ட் உயரம் வேண்டிய அலை வந்தால் 5 வரை ஏறிவிட்டு அங்கேயே நின்றுவிடும். மலை முகடுகளின் உச்சியை ஒரே மட்டமாகச் சீவிவிட்டது போல அலையின் மேலும் கீழும் தட்டையாகிவிடும். இதற்குப் பெயர்தான் கிளிப்பிங்.

தட்டையான அலையில் வெறும் சத்தக் குறைவு மட்டும் இருந்தால் யாரும் கவலைப்பட மாட்டோம். சீவப்பட்ட அந்த ஓரங்களில், பாட்டில் இல்லாத புதிய ஒலிகள் பிறக்கின்றன. 100 ஹெர்ட்ஸ் அலை, அதாவது நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிற அலை ஒன்று மேலும் கீழும் ஒரே அளவில் வெட்டுப்பட்டால் 300, 500, 700 ஹெர்ட்ஸ் என்று மேலே மேலே கிளைகள் முளைக்கும். அடித்தொண்டையில் வர வேண்டிய டிரம் சத்தத்தோடு, மனிதக் குரல் இருக்கிற பகுதியிலேயே கரகரப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது. பேஸ் வெட்டுப்படும்போது பாடகர் குரல் கெடுவதுபோல் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதே வெட்டு ஃபோனுக்குள்ளும் நடக்கும். அங்கே மின்னழுத்தத்துக்குப் பதிலாக எண்கள். 16 பிட் ஆடியோவில் ஓர் அலையின் அதிகபட்ச உயரம் 32,767. அதற்கு மேல் எழுத இடமே இல்லை. இப்போது வருகிற பாடல்கள் பெரும்பாலும் ஸ்டூடியோவிலேயே இந்த உச்சியை ஒட்டும் அளவுக்குச் சத்தமாகத் தயாராகின்றன. உதாரணத்துக்கு ஒரு டிரம் அடியின் உயரம் 30,000 என்று வைத்துக்கொள்வோம். ஈக்வலைசரில் பேஸை 6 டெசிபல் ஏற்றினால் அந்த உயரம் இரண்டு மடங்காகும். 60,000 வர வேண்டும், ஆனால் 32,767-க்கு மேல் போக வழியில்லை. ஃபோனை விட்டுக் கிளம்பும் முன்பே அடி வெட்டுப்பட்டுவிடும். சில ஃபோன்களில் இதைத் தடுக்க ஒரு லிமிட்டர் இருக்கும். அப்போது கரகரப்புக்குப் பதிலாக, ஒவ்வோர் அடிக்கும் பாட்டு முழுவதும் ஒரு கணம் அமுங்கி எழும்.

முதல் சோதனை: வால்யூமைக் குறைத்துக் கேளுங்கள்

கரகரக்கிற பாட்டின் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் போடுங்கள். இப்போது ஸ்பீக்கரின் வால்யூமைக் கால்வாசிக்குக் குறையுங்கள். காதைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோய்க் கேளுங்கள்.

குறைந்த வால்யூமிலும் அதே பிசிறு, சின்னதாக இருந்தாலும் அப்படியே கேட்கிறது என்றால், அலை ஆம்புக்கு வரும் முன்பே வெட்டுப்பட்டிருக்கிறது. ஃபைல், ஆப், ஃபோன் ஈக்வலைசர் இவற்றில் ஒன்றுதான் காரணம். ஸ்பீக்கருக்குள்ளேயே ஏதாவது கிழிந்திருந்தாலும் இப்படி வரலாம், அதைப் பிரித்தறிவதைக் கடைசியில் சொல்கிறேன். குறைத்தவுடன் சுத்தமாகிவிட்டது என்றால், ஆம்ப் அல்லது கோன் தன் எல்லையைத் தொட்டிருக்கிறது.

இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் அமைப்புகளைத் திருகத் தொடங்கினால், எது எதைச் சரிசெய்தது என்றே தெரியாமல் போய்விடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் பாட்டின் அதே இடத்தைக் கேளுங்கள்.

இரண்டாவது: ஃபோன் பக்கம் சத்தத்தைக் கூட்டுகிற எல்லாவற்றையும் அணையுங்கள்

ஈக்வலைசர் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஃபோன் செட்டிங்ஸில் ஒலி என்ற பகுதிக்குள் ஒன்று இருக்கும், அதன் பக்கத்திலேயே Dolby Atmos போன்ற எஃபெக்ட் இருக்கலாம். பாட்டு ஆப்புக்குள் தனியாக ஒன்று இருக்கும். ஸ்பீக்கர் கம்பெனி கொடுக்கிற ஆப்பில் மூன்றாவது ஒன்று. மூன்றிலும் பேஸ் ஏறியிருந்தால் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடும். எல்லாவற்றையும் முதலில் Off அல்லது Flat-ல் வையுங்கள்.

அடுத்து ‘வால்யூம் பூஸ்டர்’ வகை ஆப்கள். 150 சதவீதம், 200 சதவீதம் என்று காட்டுகிற ஆப்கள் புதிதாகச் சக்தி எதையும் கொண்டுவருவதில்லை, இருக்கிற எண்களைப் பெருக்குவதுதான் அவற்றின் வேலை. மெதுவாகப் பதிவான பழைய ஒலிப்பதிவுக்கோ, சத்தம் குறைந்த வகுப்பு வீடியோவுக்கோ அது உதவும். ஏற்கெனவே உச்சியில் இருக்கும் சினிமாப் பாட்டுக்குப் போட்டால் உச்சி எல்லாம் வெட்டுப்படும். கம்ப்யூட்டரில் VLC-யின் வால்யூம் கோடு 100-ஐத் தாண்டி 125 வரை போகும். அந்த 100-க்கு மேற்பட்ட பகுதியும் இதே பெருக்கல்தான். ப்ளூடூத் ஸ்பீக்கரில் படம் பார்க்கும்போது அதை 100-லேயே நிறுத்துங்கள். Spotify-யில் சத்த அளவை Loud என்று வைத்திருந்தால் Normal-க்கு மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் குறைந்த வால்யூமில் பிசிறு இருக்கிறதா? அதே பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். அங்கேயும் இருந்தால் ஃபைலே அப்படித்தான். யாரோ அனுப்பி, யாரோ மாற்றி, மூன்று கை மாறி வந்த ஃபைல்களில் இது சகஜம். நல்ல மூலத்திலிருந்து அதே பாட்டைப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

ஈக்வலைசர் இல்லாமல் கேட்கப் பிடிக்கவில்லை என்றால் அதைச் சேதமில்லாமல் பயன்படுத்த ஒரு வழி உண்டு. நல்ல ஈக்வலைசர் ஆப்களில் Preamp என்று ஒரு கோடு இருக்கும். எந்தப் பட்டையை அதிகமாக ஏற்றியிருக்கிறீர்களோ, அதே அளவு Preamp-ஐ இறக்குங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் பேஸை +6 ஏற்றினால் Preamp −6. அப்போது 30,000 உயர அடி முதலில் 15,000 ஆகும், பிறகு பேஸ் ஏற்றத்தில் மறுபடி 30,000 ஆகும். வெட்டே விழாது. மொத்தச் சத்தம் குறையும், அதை ஸ்பீக்கர் வால்யூமில் ஈடுகட்டிக்கொள்ளலாம், ஸ்பீக்கருக்கு இன்னும் இடம் இருந்தால். Preamp இல்லாத ஆப் என்றால் பேஸை ஏற்றுவதற்குப் பதில் மற்றப் பட்டைகளை எல்லாம் இறக்குங்கள். முடிவு ஒன்றுதான்.

மூன்றாவது: ஃபோன் வால்யூம் எவ்வளவு, ஸ்பீக்கர் வால்யூம் எவ்வளவு?

‘ஃபோனை ஃபுல்லாக வைத்து ஸ்பீக்கரைக் குறைக்கணும்’ என்பார் ஒருவர். ‘ஸ்பீக்கரை ஃபுல்லாக வைத்து ஃபோனைக் குறைக்கணும்’ என்பார் இன்னொருவர். உங்கள் ஸ்பீக்கர் எப்படி இணைந்திருக்கிறது என்று பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஸ்பீக்கரில் உள்ள + பட்டனை அழுத்துங்கள், ஃபோன் திரையைப் பாருங்கள். ஃபோனில் வால்யூம் கோடும் சேர்ந்து ஏறினால் இரண்டும் ஒரே வால்யூம். ஆண்ட்ராய்டு 6 முதல் இந்த வசதி இருக்கிறது, ஐஃபோனிலும் பல ஸ்பீக்கர்களோடு இப்படித்தான் நடக்கும். இந்த நிலையில் ஃபோன் தன்னிடம் உள்ள ஒலியைக் குறைக்காமல் முழு அளவில் அனுப்பிவிட்டு, ‘இந்த அளவு சத்தம் வை’ என்று ஸ்பீக்கருக்குத் தகவல் மட்டும் தருகிறது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் திருகப்படுவது ஸ்பீக்கருக்குள் இருக்கும் வால்யூம்தான். இங்கே சமன்செய்ய ஒன்றுமில்லை. ஆப்புக்குள் தனி வால்யூம் கோடு இருந்தால் அதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபோன் கோடு அசையவில்லை என்றால் இரண்டும் தனித்தனி வால்யூம். இப்போது ஃபோனைப் பத்தில் எட்டு, ஒன்பது அளவில் வைத்துவிட்டு, மீதியை ஸ்பீக்கரில் ஏற்றி இறக்குங்கள். ஃபோனை ஏன் முழுதாக வைக்கக் கூடாது? ப்ளூடூத்தில் பாட்டு சுருக்கி அனுப்பப்படுகிறது. ஸ்பீக்கர் அதை விரிக்கும்போது அலையின் உச்சி மூலத்தில் இருந்ததைவிடச் சற்று உயர்ந்துவிடலாம். உச்சியை ஒட்டிய பாடல்களில் அந்தச் சிறு உயர்வே வெட்டுக்குப் போதும். இரண்டு படி குறைத்து வைத்தால் அதற்கு இடம் கிடைக்கும். மிகவும் குறைத்தும் வைக்காதீர்கள். ஃபோனைப் பாதிக்குக் கீழே வைத்து ஸ்பீக்கரை முழுதாக ஏற்றினால், பாட்டின் மெல்லிய இடங்களில் பின்னால் ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல் தெரியும்.

ஆண்ட்ராய்டில் சேர்ந்திருக்கும் இரண்டு வால்யூமையும் பிரிக்கவும் வழி உண்டு. Developer options பகுதியில் Disable absolute volume என்று ஒரு வரி இருக்கும். அதை இயக்கி, ப்ளூடூத்தை அணைத்து மறுபடி இணைக்க வேண்டும். சில ஸ்பீக்கர்களில் முதல் படியே காதைப் பிளக்கும், இல்லையென்றால் கடைசிப் படி வரை போனாலும் சத்தம் போதாது. அப்படிப்பட்ட நேரத்தில் மட்டும் இது பயன்படும். பிரித்த பிறகு ஸ்பீக்கர் எந்த அளவில் நிற்கிறது என்று ஃபோனுக்குத் தெரியாது. அதனால் முதல் பாட்டைப் போடும்போது ஃபோன் வால்யூமை நன்றாக இறக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

ஆக்ஸ் வயரில் கதை வேறு. அங்கே உண்மையான மின்னழுத்தம் போகிறது. ஃபோனோ லேப்டாப்போ முழு வால்யூமில் தருகிற அழுத்தத்தை ஸ்பீக்கரின் நுழைவுப் பகுதி தாங்காமல் வெட்டக்கூடும். ஸ்பீக்கரை நடு அளவில் வைத்து, சத்தமான பாட்டு ஒன்றைப் போட்டு, ஃபோன் வால்யூமை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். பிசிறு தொடங்கும் படியிலிருந்து இரண்டு படி கீழே இறங்கி நிறுத்துங்கள். அதற்குப் பிறகு ஃபோனைத் தொடாமல் ஸ்பீக்கரில் மட்டும் ஏற்றி இறக்குங்கள்.

நான்காவது: பேஸ் பூஸ்ட்

என்னைக் கேட்டால், கரகரப்பு என்று வருகிற புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது பேஸ் அமைப்பைத்தான். 6 டெசிபல் பேஸ் ஏற்றம் அலையின் உயரத்தை இரண்டு மடங்காக்கும் என்று பார்த்தோம். மின்சக்தி அந்த உயரத்தின் வர்க்கமாகக் கூடும், அதாவது நான்கு மடங்கு. பேஸ் அடிக்கு 5 வாட்ஸ் போதுமாக இருந்த இடத்தில் இப்போது 20 வாட்ஸ் வேண்டும். கையிலிருப்பது 10 வாட்ஸ் ஸ்பீக்கர் என்றால் மீதியை எங்கிருந்து எடுப்பது? அங்கேதான் ஆம்ப் கிளிப் ஆகிறது.

பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸ் எண்ணையும் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். விலை குறைந்த சின்ன ஸ்பீக்கர்களில் நிறையப் பயன்படும் PAM8403 என்ற ஆம்ப் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சேனலுக்கு 3 வாட்ஸ் என்று சொல்லப்படும். அது 5 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கரில், டிஸ்டார்ஷன் 10 சதவீதத்தைத் தொடும்போது கிடைக்கிற எண். 10 சதவீதம் என்றால் காதுக்குப் பளிச்சென்று தெரிகிற கரகரப்பு. சுத்தமாகக் கேட்க வேண்டும் என்றால் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். பேட்டரி நேரடியாக 3.6 வோல்ட் தருகிற ஸ்பீக்கரில் அதே சிப் ஏறக்குறைய பாதி சக்திதான் தர முடியும். ஒரே ஸ்பீக்கர் காலையில் நன்றாகப் பாடிவிட்டு, சார்ஜ் இறங்கிய மாலையில் அதே வால்யூமில் கரகரப்பதும் இதனால்தான். பெரிய ஸ்பீக்கர்களில் மின்னழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் சர்க்யூட் இருப்பதால் அவ்வளவு தெரியாது. எதற்கும் ஃபுல் சார்ஜில் ஒருமுறை சோதித்துவிட்டு அப்புறம் முடிவுக்கு வாருங்கள்.

ஆம்ப் தாங்கினாலும் கோன் தாங்க வேண்டும். ஒரே அளவு சத்தம் தர, ஹெர்ட்ஸ் பாதியானால் கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 120 ஹெர்ட்ஸில் அரை மில்லிமீட்டர் அசைந்தால் போதும் என்றால், 60 ஹெர்ட்ஸில் அதே சத்தத்துக்கு 2 மில்லிமீட்டர் வேண்டும். 30 ஹெர்ட்ஸில் 8 மில்லிமீட்டர். கையடக்க ஸ்பீக்கரில் இருக்கும் இரண்டு அங்குலக் கோனால் அவ்வளவு தூரம் போகவே முடியாது. எல்லையில் முட்டும்போது ‘டப் டப்’ என்று காய்ந்த சத்தம் வரும். அதே கோன்தான் பாடகரின் குரலையும் தர வேண்டும் என்பதால், ஒவ்வோர் அடிக்கும் குரல் நடுங்கும்.

இதிலிருந்து கிடைக்கிற வழி பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். சின்ன ஸ்பீக்கரில் ஈக்வலைசரின் மிகத் தாழ்ந்த பேஸ் பட்டையை ஏற்றாதீர்கள், இறக்குங்கள். ஆண்ட்ராய்டில் அடிக்கடி பார்க்கிற ஐந்து பட்டை ஈக்வலைசரில் 60 ஹெர்ட்ஸ், 230, 910, 3.6 கிலோ ஹெர்ட்ஸ், 14 கிலோ ஹெர்ட்ஸ் என்று இருக்கும். அதில் 60-ஐ மூன்று நான்கு டெசிபல் இறக்குங்கள். 230-ஐ வேண்டுமானால் ஒன்று இரண்டு ஏற்றலாம், அதற்கு மேல் போனால் குடத்துக்குள் பாடுகிற மாதிரி ஆகிவிடும். 60 ஹெர்ட்ஸை அந்த ஸ்பீக்கர் எப்படியும் சரியாகத் தரப்போவதில்லை, அதற்காகக் கோன் வீணாக ஆடுவதை நிறுத்துகிறோம். மேலே இருக்கும் கிளை ஒலிகளைக் கேட்டு, விட்டுப்போன அடி ஒலியை நம் காதும் மூளையும் ஓரளவு தாமாகவே நிரப்பிக்கொள்ளும். அதனால் பேஸ் காணாமல் போனதாகத் தோன்றாது, ஆனால் ஸ்பீக்கருக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கும்.

சில ஸ்பீக்கர்களில் பேஸுக்கென்றே ஒரு பட்டன் இருக்கும். ஃபோன் பேஸ், ஸ்பீக்கர் பேஸ் இரண்டில் ஒன்றுதான் வேண்டும் என்றால் ஸ்பீக்கர் பட்டனையே தேர்ந்தெடுங்கள். தன் கோன் எவ்வளவு தாங்கும் என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரியும். நல்ல ஸ்பீக்கர்களில் வால்யூம் ஏற ஏற, அந்தச் சிப் தானாகவே பேஸைக் குறைத்துக்கொண்டு வரும். ஃபோனில் இருக்கும் பூஸ்ட்டுக்கு எதிர்முனையில் இரண்டு அங்குலக் கோன் இருக்கிறதா, கல்யாண மண்டபத்துப் பெட்டி இருக்கிறதா என்று தெரியாது. முழு வால்யூமில் கேட்க வேண்டிய நாளில் அந்தப் பட்டனையும் அணைத்துவிடுவதே நல்லது.

ஒரு டீக்கடை ஸ்பீக்கர்

எங்கள் பக்கத்து டீக்கடையில் நடந்ததைச் சொன்னால் இந்த வரிசை எப்படி வேலை செய்கிறது என்று புரியும். 16 வாட்ஸ் ஸ்பீக்கர், கடை மூலையில் மேல் தட்டில், கண்ணாடி பிஸ்கட் ஜாடிகளுக்கு நடுவில் இருந்தது. காலையில் சாமிப் பாட்டு, பத்து மணிக்கு மேல் சினிமாப் பாட்டு. ‘தம்பி, இதோட கோன் கிழிஞ்சிருச்சுன்னு நினைக்கிறேன், மாத்த எவ்வளவு ஆகும்?’ என்றார் கடைக்காரர். ‘மாத்த வேணாம்ணே, ஃபோனைக் கொஞ்சம் குடுங்க’ என்றேன்.

நாதஸ்வரம், தவில் இருந்த ஒரு பாட்டில் தவில் அடிகள் கரகரத்தன. வால்யூமைக் கால்வாசிக்குக் குறைத்தேன். பிசிறு போகவில்லை. அப்படியானால் ஃபோன் பக்கம். பாட்டு ஆப்பைத் திறந்தால் 60 ஹெர்ட்ஸ், 230 ஹெர்ட்ஸ் இரண்டு பட்டையும் உச்சியில் நின்றன. கீழே Bass Boost தனியாக முழு அளவில். எல்லாவற்றையும் அணைத்ததும், குறைந்த வால்யூமில் தவில் அடி அடியாகத் தெளிந்து கேட்டது. அவருக்கு முதலில் அது பிடிக்கவில்லை, ‘என்ன தம்பி, தெம்பு இல்லாம இருக்கு’ என்றார். ஏற்றி வைத்த பேஸுக்குப் பழகிய காதுக்குச் சில நிமிஷம் அப்படித்தான் இருக்கும்.

அடுத்து வால்யூமைப் படிப்படியாக ஏற்றினோம். முக்கால் வரை நன்றாக இருந்தது. அதற்கு மேல் சினிமாப் பாட்டின் டிரம் அடிகளில் ‘டப்’ சத்தம். ஸ்பீக்கரின் பேஸ் பட்டன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்ததும் ‘டப்’ போய்விட்டது. ஆனாலும் குறிப்பிட்ட ஒரு பாட்டில் மட்டும் ‘கிர்ர்’ என்று ஒன்று மிஞ்சியது. அது எல்லா அடிக்கும் வரவில்லை, ஒரே ஒரு சுருதிக்கு மட்டும் வந்தது. ஒரே சுருதிக்கு மட்டும் வந்தால் ஏதோ ஒரு பொருள் அதிர்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். பக்கத்து ஜாடியின் தகர மூடியை விரலால் அழுத்தினேன், சத்தம் நின்றது. ஸ்பீக்கரைத் தட்டிலிருந்து எடுத்துத் தனிப் பலகையில் ரப்பர் துண்டு போட்டு வைத்தோம்.

மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்து, கேட்பவருக்கு ஒரே கரகரப்பாகத் தெரிந்தன. முதலாவதை மட்டும் சரிசெய்து நிறுத்தியிருந்தால், ‘அப்பவும் போகலியே’ என்று ஸ்பீக்கரை மாற்றியிருப்பார்.

உண்மையிலேயே ஸ்பீக்கர் பழுதா?

எல்லா எஃபெக்ட்டையும் அணைத்து, ஃபுல் சார்ஜில், பாதிக்கும் குறைந்த வால்யூமில் கேட்டும் பிசிறு இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றில் 400 ஹெர்ட்ஸ் சைன் அலையை மெல்லிய சத்தத்தில் போட்டு, மெதுவாக 80 ஹெர்ட்ஸ் வரை இறக்கிக்கொண்டே வாருங்கள். நல்ல ஸ்பீக்கரில் ஒலி வழுவழுப்பாக இறங்கி, கீழே போகப் போகத் தானாகத் தேய்ந்துவிடும். வழி முழுவதும் மணல் உரசுவது போல் கேட்டால், கோனை அசைக்கும் கம்பிச் சுருளான ‘காயில்’ உள்ளே உரசுகிறது. வேறொரு ஃபோனிலும் அப்படியே இருந்தால் சந்தேகமே வேண்டாம். வாரண்டி இருந்தால் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள். இந்த டோனை மட்டும் அதிக வால்யூமில் போடவே போடாதீர்கள். பாட்டில் இடையிடையே ஓய்வு உண்டு, டோனில் கிடையாது, அந்தக் ‘காயில்’ சூடேறிக் கருகிவிடும்.

ஒலி விட்டுவிட்டு வருவதும், நடுவில் நின்று தொடர்வதும் கரகரப்பில் சேராது. அது ப்ளூடூத் சிக்னல் பிரச்சினை. ஃபோனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் தெரிந்துவிடும்.

சத்தம் இன்னும் வேண்டும் என்றால்

எல்லாம் சரியாக இருந்தும் மொட்டை மாடி விழாவுக்குச் சத்தம் போதவில்லை என்று வைத்துக்கொள்வோம். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். கடைசி இரண்டு படி வால்யூமில் அது ஒருபோதும் கிடைக்காது. அங்கே கிடைப்பது பெரும்பாலும் கூடுதல் கரகரப்புதான். அதனால் அந்த இரண்டு படியை விட்டுவிட்டு வேறு இடத்தில் சத்தத்தைத் தேடுங்கள்.

திறந்தவெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும், அதாவது நான்கு மடங்கு வாட்ஸ் ஏற்றியதற்குச் சமம். எட்டு மீட்டர் தள்ளி ஓரத்தில் வைத்திருக்கும் ஸ்பீக்கரை, உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான்கு மீட்டர் பக்கத்தில் கொண்டுவாருங்கள். தரையில் கிடப்பதைக் காது உயரத்துக்கு ஏற்றினால் குரல் தெளியும். பேஸ் வேண்டும் என்றால் பின்பக்கம் சுவர் இருக்கும்படி வையுங்கள். சுவர் பேஸை முன்பக்கம் திருப்பி அனுப்பும், ஆம்புக்கு ஒரு வாட்கூடச் செலவில்லை. அதே மாதிரி இன்னொரு ஸ்பீக்கர் கிடைத்து இரண்டையும் இணைக்க முடிந்தால் குறைந்தது 3 டெசிபல் கூடும். கூட்டத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக வைத்தால், இரண்டையும் முக்கால் வால்யூமில் நிறுத்தியே எல்லாருக்கும் கேட்கவைக்கலாம்.